330 ஓம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது: மின்னணுவியல் ஆய்வகங்களில் கற்பிப்போருக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிகளிலும் ஐ.டி.ஐ.களிலும் பாலிடெக்னிக் கல்லூரிகளிலும் மின்னணுவியல் செய்முறை வகுப்பு நடத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

உங்கள் ஆய்வகத்திற்கு வரும் மாணவர் பெரும்பாலும் முதலில் எரியவிடுவது ஓர் எல்.இ.டி.யைத்தான். அதற்குத் தொடராக ஒரு மின்தடையாக்கியை, அதாவது ஆய்வகப் பேச்சில் ரெசிஸ்டரை, இணைக்க வேண்டும் என்று நீங்கள் சொல்கிறீர்கள், அது சரியே. எத்தனை ஓம் என்று அவர் கேட்கும்போது உங்களில் பலரும் "330 போடு" என்று பெட்டியிலிருந்து ஆரஞ்சு, ஆரஞ்சு, பழுப்பு வளையங்கள் கொண்ட ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுகிறீர்கள். விளக்கு எரிகிறது, பதிவேட்டில் சுற்றுப்படம் வரையப்படுகிறது, மதிப்பெண்ணும் கிடைக்கிறது. அந்த எண் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி மட்டும் கேட்கப்படாமலே போகிறது. இம்மடல் அந்தக் கேள்வியைப் பற்றியது.

330 ஓம் தவறான மதிப்பு என்பது இங்கு வாதமன்று. 5 வோல்ட் மின்வழங்கியில் ஒரு சிவப்பு எல்.இ.டி.க்கு அது மிகப் பொருத்தமானது. சிவப்பு எல்.இ.டி. ஏறத்தாழ 2 வோல்ட்டைத் தனக்கென எடுத்துக்கொள்ள, எஞ்சும் 3 வோல்ட் 330 ஓமில் விழுந்து சுமார் 9 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தைத் தருகிறது. குறிகாட்டி விளக்கு ஒன்றுக்கு அது தாராளமாகப் போதும். அதே மாணவர் அதே இணைப்பை 3.3 வோல்ட் பலகை ஒன்றுக்குக் கொண்டுபோனால் எஞ்சுவது 1.3 வோல்ட், மின்னோட்டம் 4 மில்லி ஆம்பியர். 12 வோல்ட் மின்கலத்திற்குக் கொண்டுபோனால் எஞ்சுவது 10 வோல்ட், மின்னோட்டம் 30 மில்லி ஆம்பியர். சாதாரண 5 மில்லிமீட்டர் எல்.இ.டி.யின் தொடர் பயன்பாட்டுக்கெனச் சொல்லப்படும் 20 மில்லி ஆம்பியரை அது தாண்டிவிடுகிறது. அதோடு ரெசிஸ்டரில் 0.3 வாட் வெப்பமாக வெளிப்படுகிறது. நீங்கள் கொடுத்ததோ கால் வாட் ரெசிஸ்டர். அது உடனே எரிந்துபோகாது. மெல்லப் பழுப்பேறி, தொட்டால் சுடும் நிலையில் சில காலம் உழைக்கும். மனப்பாடம் செய்த எண் ஒரு மின்வழங்கியில் சரியாகவும் மற்றொன்றில் மங்கலாகவும் மூன்றாவதில் சேதம் விளைவிப்பதாகவும் இருக்கிறது. மாணவரிடம் இருப்பது அந்த எண் மட்டுமே என்பதால், எது எப்போது நேரும் என்று அவரால் முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை.

உங்களிடம் சூத்திரம் இல்லாமலில்லை. கரும்பலகையில் நீங்கள் எழுதுவது இதுதான்:

R = (Vs − Vf) / I

இதில் Vs என்பது மின்வழங்கியின் மின்னழுத்தம்; Vf என்பது எல்.இ.டி. எரியும்போது அதன் இரு முனைகளுக்கிடையே நிற்கும் முன்னோக்கு மின்னழுத்த வீழ்ச்சி. I என்பது அதன் வழியே செல்ல வேண்டும் என நாம் விரும்பும் மின்னோட்டம். கழித்து வகுத்தால் விடை வந்துவிடுகிறது. குறை சூத்திரத்தில் இல்லை. அந்த மூன்று எழுத்துகளுக்குள்ளும் ஒவ்வோர் எண்ணை மட்டும் இட்டு, அவை என்றும் மாறாதவை என்ற எண்ணத்தை மாணவர் மனத்தில் விதைப்பதில் இருக்கிறது.

முதலில் Vf-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எல்.இ.டி.யில் வெளிப்படும் ஒளியின் நிறம் அதன் குறைகடத்திப் பொருளின் ஆற்றல் இடைவெளியைப் பொறுத்தது. இடைவெளி பெரிதாக இருந்தால் ஒளித்துகளின் ஆற்றலும் அதிகம், அதை உண்டாக்கத் தேவைப்படும் மின்னழுத்தமும் அதிகம். ஆகவேதான் சிவப்பு 2 வோல்ட் அளவில் எரிகிறது. நீலமோ 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே போகிறது. வெள்ளை எல்.இ.டி. என்பது உண்மையில் மஞ்சள் ஒளிர்பொருள் பூசிய நீல எல்.இ.டி. என்பதால் அதற்கும் நீலத்தின் வீழ்ச்சியே. நிக் ஹோலன்யாக் 1962-இல் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி.யை உருவாக்கியதற்கும் பிரகாசமான நீலம் 1990-களில் கைகூடியதற்கும் இடையே முப்பது ஆண்டுகள் உள்ளன. அந்த நீலத்திற்காகவே அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்த முப்பது ஆண்டுகளிலும் ஆய்வகங்களில் புழங்கியவை பெரும்பாலும் 2 வோல்ட் அளவில் எரிந்த சிவப்பு, மஞ்சள், பழைய வகைப் பச்சை ஆகியவையே. இன்று மாணவர் கையில் இருப்பது பெரும்பாலும் வெள்ளை. ‘எல்.இ.டி. என்றால் 2 வோல்ட்’ என்று எழுதப்பட்ட பழைய குறிப்பு அவருக்கு உதவாது. அதைக் கொண்டு கணக்கிட்டால் ஒவ்வோர் எல்.இ.டி.க்கும் ஒரு வோல்ட்டுக்கு மேல் பிழை நேரும்.

ரெசிஸ்டர் ஏன் வேண்டும் என்பதற்கு நீங்கள் தரும் விளக்கத்திலும் ஒரு குறை இருக்கிறது. "இல்லாவிட்டால் எல்.இ.டி. எரிந்துபோகும்" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால், 3 வோல்ட் பொத்தான் மின்கலத்தில் நேராகச் செருகிய வெள்ளை எல்.இ.டி. நன்றாக எரிவதைக் கண்ட மாணவர் உங்களை நம்பமாட்டார். அங்கு மின்கலத்தின் உள் மின்தடையே ரெசிஸ்டரின் வேலையைச் செய்கிறது. மின்கலத்தின் மின்னழுத்தமும் எல்.இ.டி.யின் வீழ்ச்சியும் ஏறக்குறைய சமமாக இருப்பதும் அதைக் காக்கிறது. இதைச் சொல்லாமல் விடுவதால்தான், பொத்தான் மின்கலத்தில் பிழைத்ததைக் கார் மின்கலத்தில் செய்துபார்க்கும் துணிச்சல் பிறக்கிறது.

எல்.இ.டி. ஓம் விதிப்படி நடப்பதில்லை என்பதே உண்மையான காரணம். ஒரு வெள்ளை எல்.இ.டி. 20 மில்லி ஆம்பியரில் 3.2 வோல்ட் காட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், அதன் முனைகளில் மின்னழுத்தத்தை வெறும் 0.2 வோல்ட் உயர்த்துவது மின்னோட்டத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிவிடக்கூடும். அதோடு, சூடு ஏறும்போது முன்னோக்கு வீழ்ச்சி பாகைக்குச் சில மில்லிவோல்ட் என்ற அளவில் குறைகிறது. வீழ்ச்சி குறைந்தால் மின்னோட்டம் கூடும், மின்னோட்டம் கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் வீழ்ச்சி மீண்டும் குறையும். இந்தச் சுழலை அறுப்பதே ரெசிஸ்டரின் பணி. மின்னோட்டம் கூட முற்பட்டால் ரெசிஸ்டரின் மீதுள்ள மின்னழுத்தம் கூடி, எல்.இ.டி.க்குக் கிடைக்கும் பங்கைக் குறைத்து, மின்னோட்டத்தைத் திரும்ப இறக்குகிறது. அதை எவ்வளவு உறுதியாகச் செய்ய முடியும் என்பது ரெசிஸ்டருக்கு எவ்வளவு மின்னழுத்தம் மிஞ்சியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. Vs-இலிருந்து Vf-ஐக் கழித்து வரும் அந்த மிச்சத்தை மாணவர் வகுத்தலுக்கான இடைநிலை எண்ணாக மட்டும் கருதிக் கடந்துபோகிறார். சுற்று நிலையாக இயங்குமா இல்லையா என்பதைச் சொல்வது அந்த மிச்சம்தான்.

இதை உங்கள் மாணவர்கள் கண்காட்சிக்கு அடிக்கடி செய்யும் ஒரு பொருளைக் கொண்டே பாருங்கள்: 12 வோல்ட் ஈய அமில மின்கலத்தில் எரியும் வெள்ளை அவசர விளக்கு. மூன்று எல்.இ.டி.களைத் தொடராக இணைத்து ஒரு சரம் என்று கொள்கிறார்கள், ஒவ்வொன்றும் 3.2 வோல்ட் எனில் சரத்தின் மொத்த வீழ்ச்சி 9.6 வோல்ட். மின்கலத்தின் மேல் 12 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது. மிச்சம் 2.4 வோல்ட், அதை 0.02 ஆம்பியரால் வகுத்தால் 120 ஓம். கடைகளில் எளிதில் கிடைக்கும் மதிப்பாகவும் அது அமைந்துவிடுவதால், கணக்கு முடிந்தது என்ற திருப்தியோடு மாணவர் பற்றவைப்புக்கு உட்கார்ந்துவிடுகிறார். பதிவேட்டில் நீங்களும் சரி என்று குறியிட்டுவிடுகிறீர்கள்.

ஆனால் 12 வோல்ட் என்பது அந்த மின்கலத்தின் பெயர்தான். முழுதாக மின்னேற்றப்பட்டு ஓய்வில் இருக்கும்போது அது ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். நன்கு வடிந்து சுமையோடு இருக்கும்போது 11 வோல்ட்டுக்கும் கீழே இறங்கும். மின்னேற்றி இணைக்கப்பட்டிருக்கும்போது 14.4 வோல்ட் வரை ஏறும். சூரியத் தகடுள்ள விளக்கிலும் வண்டியில் பொருத்திய விளக்கிலும் மின்னேற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே எல்.இ.டி. எரிவது வழக்கமான நிலை. மின்கலம் 14.4 வோல்ட்டில் இருக்கும்போது எல்.இ.டி.களின் வீழ்ச்சி 9.6 வோல்ட்டாகவே நின்றால், மிச்சம் 4.8 வோல்ட். மின்வழங்கி 12-இலிருந்து 14.4-க்கு, அதாவது ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே உயர்ந்திருக்கிறது, மிச்சமோ இரட்டிப்பாகிவிட்டது. 120 ஓமில் 4.8 வோல்ட் என்றால் 40 மில்லி ஆம்பியர். மின்னோட்டம் கூடும்போது எல்.இ.டி.களின் வீழ்ச்சியும் சற்று உயர்வதால் மல்டிமீட்டரில் 35 மில்லி ஆம்பியர் போலத்தான் தெரியும். என்றாலும் அது 20 மில்லி ஆம்பியருக்கு ஆன பொருளுக்கு ஒவ்வாத அளவே.

அதன் விளைவு கண்காட்சி நாளில் தெரியாது என்பதுதான் இதில் உள்ள கேடு. மிகை மின்னோட்டத்தில் ஓடும் வெள்ளை எல்.இ.டி. முதலில் கூடுதல் பிரகாசமாகவே தெரியும். பார்வையாளர் பாராட்டவும் செய்வார். பிறகு அதன் ஒளி நீலச் சாயல் பெறத் தொடங்கும், வாரங்கள் செல்லச் செல்ல மங்கும், சரத்தில் ஒன்று மற்றவற்றுக்கு முன்னதாகப் பழுதாகும். அப்போது மாணவர் எல்.இ.டி. மட்டமானது என்று கடைக்காரர் மீது பழி போடுவார். சில நேரங்களில் பழி அங்கே சேர வேண்டியதாகவும் இருக்கலாம். ஆனால் மின்னேற்ற நேரத்தில் ரெசிஸ்டரின் மீதுள்ள மின்னழுத்தத்தை அளக்காதவருக்கு அதைச் சொல்லும் தகுதி இல்லை.

எதிர்முனையிலும் இதே குறை வேறு உருவில் வருகிறது. 11 வோல்ட்டில் மிச்சம் 1.4 வோல்ட், 120 ஓமில் 12 மில்லி ஆம்பியர் அளவே ஓடும். அவசர விளக்கு மிகவும் தேவைப்படும் நேரத்தில், மின்சாரம் போய் மின்கலம் வடிந்துகொண்டிருக்கும்போது, அது மங்குகிறது. தேவைப்படாத நேரத்தில், மின்னேற்றி ஓடும்போது, தன்னையே அழித்துக்கொள்கிறது. மிச்சத்தைச் சிறிதாக விட்டதன் விளைவே இவ்விரண்டும்.

ஆகவே கணக்கைத் தொடங்க வேண்டிய இடம் பெயரளவு மின்னழுத்தம் அன்று. மின்வழங்கி ஏறக்கூடிய மிக உயர்ந்த மின்னழுத்தம். 14.4 வோல்ட்டிலிருந்து 9.6-ஐக் கழித்தால் 4.8, 20 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 240 ஓம். பத்து சதவீத வரிசையில் 240 கிடைக்காது, ஐந்து சதவீத வரிசையில் கிடைக்கும். கையில் இல்லாவிட்டால் அடுத்த உயர்ந்த மதிப்பான 270-ஐ எடுப்பதே முறை, கீழே உள்ள 220-ஐ அன்று. 240 ஓமோடு ஓய்வு நிலையான 12.6 வோல்ட்டில் 12.5 மில்லி ஆம்பியர் ஓடும். 11 வோல்ட்டில் 6 மில்லி ஆம்பியர் போல. வெளிச்சம் குறைந்துவிட்டதே என்று மாணவர் முறையிடலாம். மனிதக் கண் ஒளியை நேர்விகிதத்தில் உணர்வதில்லை, பாதி மின்னோட்டத்தில் எரியும் எல்.இ.டி. பாதியாக மங்கியதாகத் தோன்றுவதில்லை என்பதை இரண்டையும் அருகருகே எரியவிட்டுக் காட்டுங்கள்; சொல்லி நம்பவைப்பதைவிட அது எளிது.

மின்கலம் வடியும்போதும் வெளிச்சம் பெரிதாகக் குறையக்கூடாது என்று ஒருவர் விரும்பினால், அதற்கு வழி ரெசிஸ்டரைக் குறைப்பது ஆகாது. சரத்தில் ஓர் எல்.இ.டி.யைக் குறைப்பதே. இரண்டு எல்.இ.டி.களின் வீழ்ச்சி 6.4 வோல்ட், 14.4-இல் மிச்சம் 8 வோல்ட். கணக்கு 400 ஓம் தருகிறது. இங்கே 390 ஓம் எடுத்தால் 20.5 மில்லி ஆம்பியர் ஓடும்; அந்த அரை மில்லி ஆம்பியரையும் தவிர்க்க நினைப்பவர் 430-க்குப் போகலாம். 390 ஓமில் 12.6 வோல்ட்டுக்கு 16 மில்லி ஆம்பியர், 11 வோல்ட்டுக்கும் ஏறத்தாழ 12 மில்லி ஆம்பியர். முன்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்த மின்னோட்டம் இப்போது பாதிக்குச் சற்று மேலேயே நின்றுவிடுகிறது. அதற்கு விலையும் உண்டு: ஆறு எல்.இ.டி. எரிய மும்மூன்றாக இரண்டு சரம் என்றால் 40 மில்லி ஆம்பியர் போதும், இரண்டிரண்டாக மூன்று சரம் என்றால் 60 வேண்டும். அந்தக் கூடுதல் முழுவதும் ரெசிஸ்டர்களில் வெப்பமாகவே போகிறது. எதைத் தேர்வது என்பதற்கு ஒரே விடை இல்லை. மின்கலம் சிறியதாக இருந்து நேரம் நீள வேண்டுமானால் மூன்று. வெளிச்சம் நிலையாக வேண்டுமானால் இரண்டு. நான்கு மட்டும் எந்த நிலையிலும் ஏற்கத்தக்கதன்று: 12.8 வோல்ட் வீழ்ச்சியுள்ள அந்தச் சரம், மின்னேற்றி கழன்றதும் பெயருக்கு மட்டும் எரியும். "நான்கு மூன்று பன்னிரண்டு, எனவே ரெசிஸ்டரே வேண்டாம்" என்று அதை ஒரு சாமர்த்தியமாகப் பாராட்டும் வழக்கம் உங்கள் சில வகுப்புகளில் இருக்குமானால், அதை இன்றே நிறுத்திவிடுவது நல்லது.

வாட் கணக்கு சுருக்கமானது. என்றாலும் அதை விட்டுவிடக்கூடாது. மூன்று எல்.இ.டி. சரத்தில் 4.8 வோல்ட்டும் 20 மில்லி ஆம்பியரும் பெருகினால் 0.1 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. கால் வாட் ரெசிஸ்டர் நிம்மதியாகத் தாங்கும். இரண்டு எல்.இ.டி. சரத்தில் அது 0.16 வாட் அளவு. கால் வாட்டே போதும் என்றாலும், காற்றோட்டமில்லாத சிறு பெட்டிக்குள் அடைப்பதானால் அரை வாட் பொருத்துவது விவேகம். கணக்கில் வரும் வாட்டைப்போல் இரு மடங்கு தாங்கும் ரெசிஸ்டரைத் தேர்வது நல்ல பழக்கம் என்ற அளவில் மாணவருக்குச் சொன்னால் போதும்.

ஒரே கட்டில் வாங்கிய எல்.இ.டி.களும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதையும் அவர்கள் அறிய வேண்டும். தரவுத்தாளில் முன்னோக்கு வீழ்ச்சி ஒற்றை எண்ணாக அல்லாமல், குறைந்தது, வழக்கமானது, உயர்ந்தது என்று ஓர் எல்லையாகவே கொடுக்கப்படுகிறது. அதுவும் குறிப்பிட்ட மின்னோட்டத்தில் அளந்தது. மூன்றும் 3.0 வோல்ட் வீழ்ச்சியுள்ளவையாக அமைந்துவிட்டால், 240 ஓம் சரத்தில் 14.4 வோல்ட்டுக்கு 22.5 மில்லி ஆம்பியர் ஓடும், மூன்றும் 3.4 என்றால் 17.5. இந்த வேறுபாடு பொறுக்கத்தக்கது. பழைய 120 ஓம் சரத்திலோ, 12 வோல்ட்டிலேயே இது 25-க்கும் 15-க்கும் இடையே ஊசலாடும். பல எல்.இ.டி.களைப் பக்க இணைப்பில் வைத்து அனைத்துக்கும் பொதுவாக ஒரே ரெசிஸ்டரைப் போடக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம்: வீழ்ச்சி குறைந்த எல்.இ.டி. மற்றவற்றின் பங்கையும் தானே இழுத்துக்கொள்ளும், சூடேறும், வீழ்ச்சி மேலும் குறையும், இன்னும் அதிகம் இழுக்கும். சரம் ஒவ்வொன்றுக்கும் அதற்கென ஒரு ரெசிஸ்டர் வேண்டும். மிச்சம் பிடிக்கும் இடம் இதுவன்று.

பிழையைக் கண்டறியக் கற்பிப்பதற்கு உங்கள் மேசையில் ஏற்கெனவே இருக்கும் மல்டிமீட்டரே போதும். மின்னோட்டத்தை அளக்கச் சுற்றை வெட்டி மீட்டரை நடுவில் செருக வேண்டியதில்லை. ரெசிஸ்டரின் இரு முனைகளில் மின்னழுத்தத்தை அளந்து அதன் ஓம் மதிப்பால் வகுத்தால் மின்னோட்டம் கிடைத்துவிடும். அதைவிட முக்கியமானது, அந்த ஓர் அளவே சரத்தின் நிலையைச் சொல்லிவிடும் என்பது. மூன்று எல்.இ.டி., 240 ஓம், 14.4 வோல்ட் என்ற நமது எடுத்துக்காட்டில் ரெசிஸ்டரின் மீது 4.8 வோல்ட்டை ஒட்டிய அளவு கிடைத்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. 8 வோல்ட்டை நெருங்கினால் ஓர் எல்.இ.டி. குறுக்கிணைந்துவிட்டது என்று பொருள். மீதி இரண்டின் வழியே 30 மில்லி ஆம்பியருக்கு மேல் போய்க்கொண்டிருக்கிறது, அவையும் அடுத்துப் போகும். சுழியம் வந்தால் எங்கோ இணைப்பு விட்டிருக்கிறது அல்லது ஓர் எல்.இ.டி. முனை மாறிப் பொருத்தப்பட்டிருக்கிறது. எரிகிறதா இல்லையா என்று பார்த்து மட்டும் மதிப்பெண் இடும்போது, இரண்டாவது நிலையிலுள்ள சரமும் தேர்ச்சி பெற்றுவிடும். அதில் இரண்டு எல்.இ.டி.கள் மிகப் பிரகாசமாகவே எரிந்துகொண்டிருக்குமல்லவா?

ரெசிஸ்டருக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. 350 மில்லி ஆம்பியரில் ஓடும் ஒரு வாட் எல்.இ.டி.கள் மூன்றைத் தொடராக வைத்து, அதே 4.8 வோல்ட் மிச்சத்தை ரெசிஸ்டரால் தாங்கச் செய்தால், அதில் மட்டும் 1.7 வாட் அளவு வீணாகும், எல்.இ.டி.களின் வீழ்ச்சியோ சூட்டோடு இறங்கிக்கொண்டே போகும். அந்த அளவுக்கு மேல் மாறா மின்னோட்ட ஓட்டி என்னும் தனிச்சுற்றே தகும். இன்னொரு முனையில், 3.3 வோல்ட் பலகையின் முனையிலிருந்து 3.2 வோல்ட் வெள்ளை எல்.இ.டி.யை ஓட்ட முற்பட்டால் மிச்சம் 0.1 வோல்ட்தான், சூத்திரம் 20 மில்லி ஆம்பியருக்கு 5 ஓம் என்று விடை தரும். அந்த விடையைக் கண்டதும் ‘இது ரெசிஸ்டரால் ஆகும் காரியமன்று’ என்று உணர்கிற மாணவர்தான் சூத்திரத்தைப் புரிந்துகொண்டவர். 5 ஓமைத் தேடிக் கடைக்கு ஓடுகிறவரைப் பாடம் இன்னும் எட்டவில்லை.

நேரம் இல்லை, பாடத்திட்டம் நீளமானது, நாற்பது பேருக்கு ஒரு வகுப்பு என்று நீங்கள் சொல்லக்கூடும், அவை பொய்யல்ல. ஆயினும் இங்கே கோரப்படுவது புதிய பாடம் எதுவுமன்று. ஏற்கெனவே எழுதப்படும் ஒரு வரிக் கணக்கை இன்னும் இரண்டு வரி நீட்டுவதே. தேர்வுத்தாளில் ‘மின்வழங்கி 12 வோல்ட்’ என்று கொடுப்பதற்குப் பதில் ‘மின்வழங்கி 11 முதல் 14.4 வோல்ட் வரை மாறுகிறது’ என்று கொடுத்துப் பாருங்கள். கழித்து வகுக்க மட்டும் தெரிந்தவர் யார், எதைக் கழிக்க வேண்டும் என்று சிந்திப்பவர் யார் என்பது அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

எனவே உங்களிடம் இம்மடலின் வேண்டுகோள் இது. வரும் பருவத்திலிருந்து எல்.இ.டி. செய்முறையின் பதிவேட்டில் ரெசிஸ்டர் மதிப்புக்கு முன்னால், மின்வழங்கியின் மிகக் குறைந்த மின்னழுத்தம், மிக உயர்ந்த மின்னழுத்தம், தரவுத்தாளில் உள்ள முன்னோக்கு வீழ்ச்சியும் அது எந்த மின்னோட்டத்தில் அளக்கப்பட்டது என்பதும் ஆகியவற்றை மாணவர் தம் கையால் எழுத வேண்டும் என்று விதியுங்கள். ரெசிஸ்டரை உயர்ந்த மின்னழுத்தத்திற்குக் கணக்கிடச் சொல்லி, அதே ரெசிஸ்டரோடு குறைந்த மின்னழுத்தத்தில் என்ன மின்னோட்டம் ஓடும் என்பதையும் கேளுங்கள். விளக்கு எரிந்ததும் ரெசிஸ்டரின் மீதுள்ள மின்னழுத்தத்தை உங்கள் முன்னிலையில் அளந்து காட்டிய பிறகே கையெழுத்திடுங்கள். அடுத்த முறை ஒரு மாணவர் "எத்தனை ஓம் போடணும், சார்?" அல்லது "மேடம்?" என்று கேட்டால், பெட்டியைத் திறக்கும் முன் "உன் மின்கலம் எதுவரைக்கும் ஏறும்?" என்று திருப்பிக் கேளுங்கள்.